திரி இல்லாத விளக்கு: ஒரு வெண்பாவின் உருவகத்தைச் சோதித்துப் பார்த்தல்

பொய்கையாழ்வாரின் முதல் திருவந்தாதி இப்படித் தொடங்குகிறது:

வையம் தகளியா வார்கடலே நெய்யாக
வெய்ய கதிரோன் விளக்காக – செய்ய
சுடராழி யான்அடிக்கே சூட்டினேன் சொல்மாலை
இடராழி நீங்குகவே என்று.

தகளி என்றால் அகல். பூமி அகல், அதைச் சூழ்ந்த கடல் நெய், வெப்பமான சூரியன் சுடர். இப்படி ஒரு விளக்கை வைத்துக்கொண்டு, சக்கரம் ஏந்திய திருமாலின் அடிக்குச் சொல்மாலை சூட்டுகிறார். துன்பக் கடல் நீங்கட்டும் என்பது வேண்டுதல். பள்ளிப் பாடத்திலும் மேடைப் பேச்சிலும் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதால் யாரும் இதை நின்று பார்ப்பதில்லை. தினமும் அகல் ஏற்றுகிற ஒருவரின் கண்ணோடு பாருங்கள். அகல் இருக்கிறது, நெய் இருக்கிறது, சுடரும் இருக்கிறது. திரி எங்கே?

இந்த ஆய்வு அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் கிளம்புகிறது. ஓர் உருவகம் புதியதா, பொருத்தமானதா, கவிதை முழுக்கக் கலையாமல் நிற்கிறதா என்று மூன்று விதமாகக் கேட்பது வழக்கம். பலரும் 'புதியதா' என்பதில் ஆரம்பிப்பார்கள். நான் அதைக் கடைசிக்குத் தள்ளுவேன். ஒரு படிமம் கண்ணைப் பறிக்கும்போது அது சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் நிதானம் நமக்குப் போய்விடும். அதனால் முதலில் பொருத்தம்.

பொருத்தத்தைப் பார்க்க நான் செய்வது, உருவகத்தை மறந்துவிட்டு அந்தப் பொருளை மட்டும் எடுத்துக்கொள்வது. அகல் விளக்கு எப்படி வேலை செய்கிறது? மண்ணால் ஆன குழிந்த தட்டு. ஒரு பக்கம் சற்றே இழுத்துவிட்ட மூக்கு. உள்ளே நெய்யோ எண்ணெயோ. பஞ்சுத் திரி நெய்யில் படுத்திருக்கும். அதன் நுனி மட்டும் மூக்கில் எட்டிப் பார்க்கும். சுடர் நிற்பது நடுவில் அல்ல, விளிம்பில். திரி நெய்யை உறிஞ்சி மேலே கொண்டுவருகிறது, அந்த நெய்தான் எரிகிறது. திரி இல்லாமல் தேங்கி நிற்கும் நெய்யில் தீக்குச்சியை வைத்தால் குச்சிதான் அணையும்.

இப்போது இதைப் பாட்டின் மேல் வைத்தால் மூன்று இடங்களில் இடிக்கிறது.

முதல் இடி, இருப்பிடம். நெய் அகலுக்குள் இருக்கும். கடலோ பூமியைச் சுற்றி இருக்கிறது. 'கடல் சூழ்ந்த உலகு' என்பதுதான் தமிழில் பழகிய பேச்சு. அப்படியானால் நெய்க்குள் அகல் மிதக்கிறது என்றல்லவா ஆகிறது? வரைபடத்தை மேலிருந்து பார்ப்பவருக்கு இந்த இடி தீராது. ஆனால் கிழக்குக் கடற்கரையில் விடியலில் நிற்பவருக்குத் தீர்ந்துவிடும். காலடியில் நிலம், அது தாழ்ந்து கடலின் அடியாகவும் போகிறது, அதன் குழிவில் நீர் நிரம்பியிருக்கிறது. எதிரே, நீரின் தூர விளிம்பில், சூரியன் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அகலின் மூக்கில் சுடர் நிற்பது போலவே, நடுவில் அல்ல, ஓரத்தில். பொய்கையாழ்வார் காஞ்சிபுரத்துக்காரர் என்பது வைணவ மரபு. அங்கிருந்து கடல் அதிக தூரமில்லை. அவர் எங்கே நின்று பார்த்தார் என்று நான் சொல்ல வரவில்லை. படிமம் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்கும் கண்ணுக்குக் கச்சிதமாக உட்காருகிறது, அது போதும். உதயசூரியன் என்று அவர் சொல்லவில்லையே என்று கேட்கலாம். உச்சி வெயிலுக்கு இந்த உருவகத்தில் இடமே இல்லை. சுடர் அகலைத் தொட்டுக்கொண்டு நின்றாக வேண்டும்.

இரண்டாவது இடி, கடல் நீர். நீர் தீயை அணைப்பது. அதை எரிபொருள் என்பது எப்படி? இதற்குப் பதில் பண்பாட்டில் இருக்கிறது. கடலுக்குள் எரிந்துகொண்டு கடல்நீரையே உண்ணும் வடவைத்தீ என்ற நெருப்பு நம் பழைய இலக்கியங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. அதோடு, மேகம் கடலிலிருந்துதான் நீரை முகக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். மழை பொழியாவிட்டால் நெடுங்கடலும் தன் தன்மை குன்றும் என்கிறது 17ஆம் குறள். கடலிலிருந்து ஏதோ ஒன்று ஓயாமல் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது என்ற அறிவு இருக்கிற ஊரில், கடலைச் சுடரின் உணவு என்பது தவறான பேச்சல்ல. பொருத்தம் என்பது இன்றைய இயற்பியலோடு பொருந்துவது என்று எடுத்துக்கொண்டால் பழைய கவிதையில் பாதியைக் கழித்துக்கட்ட வேண்டியிருக்கும். அந்தக் கவிதையின் வாசகர் நம்பிய உலகத்தோடு பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி.

மூன்றாவதுதான் திரி. இதற்கு இடமும் பதில் சொல்லாது, புராணமும் பதில் சொல்லாது.

வினைச்சொல்லைப் பார்த்தல்

இங்கே இலக்கணம் ஒரு கை கொடுக்கிறது. தண்டியலங்காரம் உருவகத்தை வகைவகையாகப் பிரித்துப் பேசும். உறுப்புகள் எல்லாவற்றையும் உருவகம் செய்தால் முற்றுருவகம். ஒன்றை உருவகம் செய்து, அதோடு சேர்ந்த மற்றொன்றை அப்படியே விட்டுவிட்டால் அதற்கு ஏகதேச உருவகம் என்று பெயர். 'பிறவிப் பெருங்கடல் நீந்துவர்' என்ற குறளில் பிறவி கடலாகிறது. இறைவன் அடி மட்டும் தெப்பம் ஆகாமல் அடியாகவே நிற்கிறது. இதை யாரும் குறை என்று சொல்வதில்லை. ஆகவே ஓர் உறுப்பு விடுபட்டது என்பதால் மட்டும் உருவகம் தோற்றுவிடாது.

சரி, எந்த விடுபாடு குற்றம், எது இல்லை? நான் கையாளும் அளவுகோல் பெயர்ச்சொற்களில் இல்லை, வினைச்சொல்லில் இருக்கிறது. கவிதை அந்தப் பொருளை வைத்து என்ன செய்கிறது? அந்தச் செயலுக்குத் தேவையான உறுப்பு விடுபட்டிருந்தால்தான் ஓட்டை.

பொய்கையார் பாட்டில் வினைகளைத் தேடுங்கள். 'தகளியா', 'நெய்யாக', 'விளக்காக' என்று எல்லாம் 'ஆக' என்று நிற்கின்றன. விளக்கை 'ஏற்றினேன்' என்று அவர் சொல்லவேயில்லை. அவர் செய்ததாகச் சொல்லும் ஒரே செயல் 'சூட்டினேன்', அதுவும் மாலையை. விளக்கு அவர் வருவதற்கு முன்பே எரிந்துகொண்டிருக்கிறது. சூரியனுக்கு யார் போய்த் திரி போடுவது? திரி என்பது மனிதக் கை விளக்குக்குள் வைக்கும் பொருள். அகல் செய்பவர், நெய் வார்ப்பவர், தீ வைப்பவர் யாருமே இந்தப் பாட்டில் இல்லாதபோது திரி மட்டும் இருந்தால்தான் இடித்திருக்கும். 'மலையே திரியாக' என்று ஒருவர் முழுமைக்காகச் சேர்த்திருந்தால் படிமம் கெட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

எரிய விட்டுப் பார்த்தல்

கவிதை முழுக்க உருவகம் நிற்கிறதா என்பதற்கு எளிய வழி, காலத்தை ஓட விடுவது. முதல் வரியில் வைத்த பொருள் கடைசி வரி வரும்போது என்ன நிலையில் இருக்கும்? விளக்கு எரிந்தால் நெய் குறையும், அகல் மிஞ்சும். இந்தப் பாட்டில் நெய் என்பது கடல். அப்படியானால் விளக்கு எரிய எரியக் கடல் வற்றுகிறது. கடைசி வரியின் வேண்டுதல் என்ன? 'இடர் ஆழி நீங்குக' – துன்பமாகிய கடல் போகட்டும். முதல் வரியில் எரியத் தொடங்கிய நெய்யும், கடைசி வரியில் ஒழியச் சொல்லும் துன்பமும் ஒரே உருவத்தில் வருகின்றன. இது என் வாசிப்பு. உரைமரபு சொல்லும் கருத்தாக இதை முன்வைக்கவில்லை. ஆனால் இந்தச் சோதனையில் ஒரு பாட்டு இவ்வளவு சுத்தமாகத் தேறுவது அபூர்வம். சாதாரணமாக, கடலை ஒரு வரியில் நல்ல பொருளாகவும் இன்னொரு வரியில் கெட்ட பொருளாகவும் காட்டினால் முரண் என்று சொல்லித் திருப்பி அனுப்புவோம். இங்கே முரண் இல்லாமல் போவதற்குக் காரணம், நெய் என்பது தீர்ந்துபோவதற்காகவே ஊற்றப்படும் பொருள் என்பது. நடுவில் 'சுடராழி' என்று சக்கரத்தையும் அதே சொல்லால் சொல்கிறார். சக்கரமாகிய ஆழி சுடர்விடுகிறது, கடலாகிய ஆழி நீங்குகிறது.

மாலையைப் பற்றி ஒரு வார்த்தை. விளக்கில் தொடங்கிய பாட்டு மூன்றாம் வரியில் மாலைக்குத் தாவுகிறதே, இது கலப்பு உருவகம் இல்லையா? கலப்பு என்று சொல்வதற்கு முன், இரண்டு பொருளும் ஒரே காட்சியில் அடுத்தடுத்து இருக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். சந்நிதியில் விளக்கும் மாலையும் இல்லாமல் என்ன பூசை? இங்கே விளக்கு மாலையாக மாறவில்லை. அது பாட்டுக்கு எரிகிறது, இவர் பாட்டுக்கு மாலை சூட்டுகிறார். தாவல் இல்லை, அடுத்த செயல்.

பூதத்தாழ்வார் ஏற்றிய விளக்கு

இரண்டாம் திருவந்தாதியின் முதல் பாட்டு, அதே அச்சில் வார்த்தது:

அன்பே தகளியா ஆர்வமே நெய்யாக
இன்புருகு சிந்தை இடுதிரியா – நன்புருகி
ஞானச் சுடர்விளக்கு ஏற்றினேன் நாரணற்கு
ஞானத் தமிழ்புரிந்த நான்.

இங்கே திரி வந்துவிட்டது, அதுவும் 'இடு திரி', கையால் இட்ட திரி. ஏன் வந்தது என்று மூன்றாம் வரியைப் பார்த்தால் தெரியும்: 'ஏற்றினேன்'. ஏற்றுகிறவர் வந்தவுடன் திரி தேவைப்படுகிறது. வினையைப் பார்க்கும் சோதனையில் இரண்டு பாட்டும் எதிரெதிர்த் திசையில் தேறுகின்றன. பொய்கையாரின் விளக்கு ஏற்கெனவே எரிவது, பூதத்தாரின் விளக்கு ஒருவர் உட்கார்ந்து ஏற்றியாக வேண்டியது.

ஆனால் இந்தப் பாட்டு இன்னொரு சோதனையில் சற்றுத் தடுமாறுகிறது. உறுப்புகளை இடம் மாற்றிப் பார்ப்பதுதான் அது. பொய்கையார் பாட்டில் 'கடல் அகலாக, பூமி நெய்யாக' என்று மாற்றுங்கள். படிமம் உடனே நொறுங்கிவிடும். எந்த உறுப்பும் வேறிடத்தில் நிற்காது. பூதத்தார் பாட்டில் 'ஆர்வம் அகலாக, அன்பு நெய்யாக' என்று மாற்றினால்? யாப்பு கெடும். ஆனால் பொருள் நொறுங்கவில்லை. பலர் மாற்றத்தைக் கவனிக்கக்கூட மாட்டார்கள். அன்பே, இன்புருகு, நன்புருகி என்று எதுகை ஓடுவதைப் பார்க்கும் ஒரு சந்தேகக்காரர், அன்பை முதலில் நிறுத்தியது எதுகைதான் என்று சொல்லக்கூடும்.

அவருக்கு ஒரு பதில் உண்டு. 'அன்பு ஈனும் ஆர்வம் உடைமை' என்கிறது 74ஆம் குறள். அன்பு நிலையாக இருப்பது, ஆர்வம் அதிலிருந்து பிறப்பது. அகல் நாளைக்கும் இருக்கும், நெய்யைத் தினமும் ஊற்ற வேண்டும். அப்படிப் பார்த்தால் வரிசை சரிதான். ஆனாலும் இந்த வேறுபாட்டை வாசகர் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கிறது. பாட்டு அதைக் காட்டித் தரவில்லை. அகத்துப் பண்புகளை உறுப்புகளாக்கும் எல்லா உருவகத்துக்கும் இந்தச் சிக்கல் உண்டு. கடலுக்கு உருவம் இருக்கிறது, அது தன் இடத்தைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். ஆர்வத்துக்கு உருவம் கிடையாது, கவிஞர்தான் காப்பாற்றித் தர வேண்டும்.

'இன்புருகு சிந்தை இடுதிரியா' என்பதில் எனக்கு இன்னொரு தயக்கம். உருகுவது நெய். திரி உருகாது, ஊறும், எரியும், கருகும், குறையும். உருகும் சிந்தையைத் திரி என்றால் செயல் ஒன்றுக்கும் பொருள் இன்னொன்றுக்கும் போய்விடுகிறது. எப்படி நேர்ந்தது இது? 'உள்ளம் உருகுதல்' என்பது பக்தி மொழியில் புழங்கிப் புழங்கி உருவகம் என்றே தெரியாமல் போன தொடர். அது தன் பழைய வெப்பத்தோடு புதிய உருவகத்துக்குள் நுழையும்போது அங்கிருக்கும் பொருளோடு மோதுகிறது. கவிதையில் பொருத்தம் கெடும் இடங்களைத் தேடினால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: புதிதாகச் செய்த உருவகம் சரியாக இருக்கும், அதன் பக்கத்தில் யோசிக்காமல் வந்து விழுந்த வழக்குத்தொடர் அதைக் கெடுத்திருக்கும். நெய்யின் ஈரம் முழுவதும் ஏறி இளகிய திரி என்று வாதாடிக் காப்பாற்றலாம். நான் பாதி மதிப்பெண் தருவேன்.

புதுமை

இப்போது கடைசிக் கேள்விக்கு வரலாம். விளக்கு உருவகம் அப்போதே பழையது. 'பொய்யா விளக்கே விளக்கு' என்று குறள் சொல்லியாயிற்று. ஆகவே 'ஞான விளக்கு' என்பதில் மட்டும் புதுமை இல்லை. பூதத்தார் போதாக்குறைக்கு முந்தைய பாட்டின் வாக்கிய அமைப்பையே எடுத்துக்கொள்கிறார். அப்படியிருந்தும் பாட்டு ஏன் பழசாகத் தெரியவில்லை?

புதுமையை நான் பார்ப்பது, உருவகத்தின் பெயரைக் கேட்டவுடன் அடுத்த உறுப்பை வாசகர் ஊகித்துவிட முடிகிறதா என்பதை வைத்து. 'வையம் அகல்' என்று கேட்டவர் 'கடல் நெய்' என்பதை ஊகித்திருக்க முடியாது. கேட்ட பிறகோ வேறு எதுவும் சரியாக இருக்காது என்று தோன்றும். பூதத்தார் பாட்டைத் தனியாகக் கேட்டால் உறுப்புகள் ஓரளவு ஊகிக்கக்கூடியவைதான். அங்கே புதுமை இருப்பது விடையில்: முன்னவர் வெளியே, உலகம் முழுக்கப் பரப்பிய விளக்கை இவர் அதே சொற்றொடரில் உள்ளே கொண்டுவந்து வைக்கிறார். முந்தைய பாட்டு தெரியாதவருக்கு இந்தப் புதுமையில் பாதி போய்விடும்.

திருக்கோவலூரில் ஒரு மழையிரவு, குறுகிய இடைகழியில் மூன்று ஆழ்வார்கள் நெருக்கி நிற்க, நான்காவதாக யாரோ நெருக்குவதை உணர்ந்து, அது யார் என்று பார்க்க இந்த விளக்குகளை ஏற்றினார்கள் என்பது மரபுக் கதை. அடுத்துப் பேயாழ்வாரின் மூன்றாம் திருவந்தாதி 'திருக்கண்டேன் பொன்மேனி கண்டேன்' என்று தொடங்குகிறது. அதன் முதல் பாட்டில் விளக்கே கிடையாது, ஐந்து முறை 'கண்டேன்' மட்டும். பொய்கையாரிடம் சுடராக இருந்த சூரியன் அங்கே திருமாலின் நிறமாகிவிடுகிறது. மூன்றையும் சேர்த்துப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சோதனை என்று வந்தால் கதையைக் கொண்டு ஒரு பாட்டின் ஓட்டையை அடைக்கக் கூடாது. நூல்கள் மூன்றும் தனித்தனி, ஒவ்வொன்றும் தன் காலில் நிற்க வேண்டும். பொய்கையாரின் பாட்டு கதையே இல்லாமல் நிற்கிறது.

ஒரு போலியைச் சோதித்தல்

தேறிய பாட்டை மட்டும் சோதித்தால் சோதனையின் கூர்மை தெரியாது. அதனால் இணையத்தில் அன்றாடம் கண்ணில் படும் பாணியில் நானே ஒரு போலி செய்தேன்:

பிரிவே அகலாக
கண்ணீரே நெய்யாக
காத்திருப்பே திரியாக
உன் பெயரை ஏற்றினேன்
அது எனக்குள் வேர்விட்டது

இடம் மாற்றிப் பார்த்தால் பிரிவும் காத்திருப்பும் எங்கே வேண்டுமானாலும் உட்காருகின்றன. கடைசி வரியில் சுடர் செடியாகிவிட்டது. சுடரும் வேரும் சேர்ந்து நிற்கும் காட்சி ஒன்றுமில்லை, ஆகவே இது உண்மையான கலப்பு. எரிய விட்டால் கண்ணீர் தீர்ந்துபோகும், துயரமும் தீரும். எழுதியவர் அதையா விரும்பினார்? கண்ணீருக்கு வந்தால், கடல்நீரை ஒப்புக்கொண்ட நான் இதை ஏன் மறுக்கிறேன் என்று கேட்கலாம். கடலுக்குப் பின்னால் கண்ணால் கண்ட ஒரு விடியலும், எல்லோரும் அறிந்த வடவைத்தீயும் இருந்தன. கண்ணீருக்குப் பின்னால் சோகம் என்ற ஒன்றைத் தவிர எதுவுமில்லை. அகலில் தண்ணீர் சொட்டினால் என்ன ஆகும் என்று எழுதியவர் பார்க்கவே இல்லை.

ஆனால் அதையே பார்த்தால் பாட்டுக்கு வழி கிடைக்கிறது. ஈரம் பட்ட திரி சடசடக்கும். கண்ணீரை நெய்யாக்காமல் கண்ணீராகவே விட்டு, தேவையில்லாத அகலையும் எடுத்துவிட்டால்:

காத்திருப்பே திரியாக
உன் பெயரை ஏற்றினேன்
கண்ணீர் சொட்டும்போதெல்லாம்
சடசடக்கிறது

'ஏற்றினேன்' என்பதற்குத் திரி இருக்கிறது, கலப்பு இல்லை, கண்ணீர் தன் வேலையைச் செய்கிறது. எரிய விட்டுப் பார்க்கும்போது மட்டும் இன்னும் ஓரிடம் இடிக்கிறது. எரிய எரியத் திரி குறையும், அவ்வப்போது தூண்டிவிட வேண்டும். காத்திருப்போ நாளாக நாளாக நீளும். அந்த முதல் வரிக்கு வேறு பெயர்ச்சொல் தேட வேண்டும், குறைந்துகொண்டே போகிற ஏதாவது ஒன்று.